மனைவிக்குக் கடும்பு அவித்த நாள்

மனைவிக்கு நான்காவது கீமோ முடிந்து எட்டாவது நாள். வாயெல்லாம் புண். கஞ்சி எரிகிறது என்றாள், இடியப்பமும் சொதியும் இரும்பு மணக்கிறது என்றாள், தயிர் டொக்டர் வேண்டாம் என்று விட்டார். மூன்று நாளாகத் தேத்தண்ணீரும் மருந்தும்தான். எடை குறைந்துகொண்டே போனால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அன்று பகல் கண்ணை மூடிக்கொண்டே, "கடும்பு எண்டா ரெண்டு கரண்டி இறங்கும் போல கிடக்கு" என்றாள்.

கொழும்பில், வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு கன்று போட்ட மாட்டின் முதல் பாலுக்கு நான் எங்கே போவது? ஆனாலும் கேட்டாளே, அதுவே எனக்குப் பெரிய காரியம். என்னோடு வேலை செய்பவர் ஒருவர், கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால் ஒரு பெண் மூன்று மாடு வளர்க்கிறாள், ஒன்று நிறைமாதம் என்றார். மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். போய்ச் சொல்லி வைத்தேன்.

கிளினிக்கில் இருந்த தாதியிடமும் முன்கூட்டிக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பச்சையா நாக்கிலயும் படக்கூடாது. நடுவரைக்கும் நல்லா அவிய வேணும். மாட்டுக்கு மடி வீக்கமோ, மருந்தோ இருந்தா எடுக்காதேங்கோ. கறந்த பால் உடன ஐஸுக்கை. வெளியில நிண்ட பாலை அவிச்சாலும் குடுக்காதேங்கோ. கிருமி செத்தாலும் அது விட்ட நஞ்சு சில வேளை போகாது." அதைக் கைத்தொலைபேசியில் எழுதி வைத்தேன். இப்போது என் மூளையை நம்பி நான் எதையும் விடுவதில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை மாட்டுக்காரியிடமிருந்து அழைப்பு வந்தது. "ஐயா, கன்னு போட்ருச்சு. சீம்பால் வேணும்னா வாங்க." எங்களுக்குக் கடும்பு, அவளுக்குச் சீம்பால். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கொதிநீரில் கழுவிய மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரத்தோடும் ஐஸ் பையோடும் படியிறங்கி ஓட்டோ பிடித்தேன்.

கன்று ஏற்கெனவே குடித்து முடித்து, வாயில் நுரையோடு வைக்கோலில் கிடந்தது. அதற்கு மிஞ்சியதைத்தான் தருவேன் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். மருந்து, மடி வீக்கம் என்று நான் தொலைபேசியைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்க, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாட்டப் பாக்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கன்று போடுமுன் கறவை நிறுத்தியபோதும் மாட்டுக்கு ஊசியோ மருந்தோ போடவில்லையாம். வெந்நீரால் மடியைக் கழுவித் துடைத்து, முதல் நாலு பீச்சலை நிலத்தில் விட்டுவிட்டுக் கறந்தாள். மஞ்சளாய், தடிப்பாய் விழுந்தது. காசை நீட்டியபோது கையை உதறினாள். "சீம்பாலை விக்கிறதில்லைங்க. அம்மாவுக்குக் குடுங்க, போதும்."

வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை. கதவைத் திறந்ததும் வாந்தி நாற்றம். மனைவி குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையை அப்படியே குசினி மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். அவளைக் கழுவி, உடுப்பு மாற்றி, படுக்கை விரிப்பை ஊறப்போட்டு, தரையைத் துடைத்து, அவள் கண் அயர்ந்ததும் கதிரையில் ஒரு நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன்.

விழித்தபோது ஒன்றேகால். ஐஸ் எல்லாம் தண்ணீர். பாத்திரத்தைத் தொட்டால் என் உள்ளங்கைச் சூடு.

மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஒரு கெட்ட மணமும் இல்லை. நிறமும் அப்படியே. அவித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. இட்லிச் சட்டியில் தண்ணீரும் வைத்துவிட்டேன். தாதி சொன்னது தொலைபேசியில் இருந்தது, எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை, வரி வரியாக நினைவிருந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லாதவளுக்கு நான் எதைக் கொண்டுபோய் ஊட்டப் பார்க்கிறேன்? அடுப்பை அணைத்தேன். அத்தனையையும் தொட்டிக்குள் ஊற்றினேன். ஊற்றும்போது அழுதேன். அந்தப் பாலுக்காக மட்டும் அழவில்லை, நாலு மாதத்து அலுப்பும் சேர்ந்து வந்தது.

"என்னத்தை ஊத்துறியள்?" என்று அறையிலிருந்து கேட்டாள்.

"கடும்பை. நித்திரை கொண்டிட்டன். பழுதாப் போச்சு."

"சரி விடுங்கோ. நீங்களாவது நித்திரை கொண்டியளே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பேச்சுத்தான் என்னைத் தொலைபேசியை எடுக்க வைத்தது. மாட்டுக்காரியிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை, நடந்ததை அப்படியே சொன்னேன். "அடப் பாவமே" என்றாள். பாலுக்குச் சொன்னாளா, எனக்குச் சொன்னாளா தெரியாது. "அந்திக்கு ரெண்டாங் கறவை. கன்னு குடிச்சு மிஞ்சினா எடுத்து வைக்கிறேன். காலையில மாதிரி தடிப்பா இருக்காது. சாதாப் பாலைச் சமமா ஊத்துனா உறையாது, பாதி ஊத்துங்க."

பக்கத்து வீட்டு அன்ரியை மனைவியோடு இருத்திவிட்டு மறுபடியும் போனேன். மிஞ்சியதை வாங்கி, காலிவீதி நெரிசலில் புது ஐஸ் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு, கண் சொருகச் சொருக விழித்தபடி வந்தேன். அடுப்பு மூட்டும்வரை கதிரைப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன்.

இரண்டு கோப்பை கடும்புக்கு, காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு கோப்பை. சீனி, ஏலக்காய்த் தூள். சீனி கரைந்ததும் வடித்துத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, ஆவித் தண்ணீர் சொட்டாமல் மேலே ஒரு தட்டால் மூடி, கொதிக்கும் இட்லிச் சட்டிக்குள் இறக்கினேன். தீயை நடுத்தரமாக வைத்தேன். கூடினால் நுரைத்து ஓட்டை ஓட்டையாகிவிடும். இருபத்தைந்து நிமிடத்தில் கத்தியை நடுவில் குத்தினேன், ஈரம் ஒட்டியது. இன்னும் பத்து நிமிடம் விட்டேன். இம்முறை கத்தி சுத்தமாக வந்தது. பச்சைப் பால் பட்ட கரண்டியையும் பாத்திரத்தையும் தனியாக ஒதுக்கி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இருத்தி ஆற்றி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிர்ந்தது வாய்ப்புண்ணுக்கு இதமாய் இருக்கும்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோனேன். கொஞ்சம் தளர்வுதான், ஆனாலும் கரண்டியில் நின்றது. வாயில் வைத்தாள். விழுங்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பிடி?"

"பொய் சொல்ல ஏலாதப்பா. ருசி ஒண்டும் தெரியேல்லை."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, ஒரு துண்டு எடுத்து என் வாய்க்கு நீட்டினாள்.

"நீங்கள் தின்னுங்கோ. தின்னு என்ன ருசி எண்டு சொல்லுங்கோ."

காலையிலிருந்து நானும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தின்றேன். எனக்குப் பேசத் தெரியாது. "இனிப்பு. மெத்தெண்டு கிடக்கு. பால் வாசம். ஏலக்காய் கொஞ்சம் கூட" என்றேன்.

"நீங்கள் எப்பவும் கூடத்தான் போடுவியள்" என்றாள். என் வாய் பட்ட கரண்டி ஆகாதென்று வேறு கரண்டி எடுத்துவரச் சொல்லிவிட்டு, "நிப்பாட்டாமச் சொல்லிக்கொண்டிருங்கோ" என்று வாயைத் திறந்தாள். நான் சொல்லிக்கொண்டே ஊட்டினேன். துண்டு முழுதும் இறங்கியது.