கித்தேரியம்மாள் கொடுத்த ஒரு படி நிறம்

கித்தேரியம்மாளைப் பத்திச் சொல்லுன்னா நான் நல்லபடியா சொல்லமாட்டேன், முன்கூட்டியே சொல்லிட்டேன். வில்பட்டியிலேர்ந்து வெள்ளனே மொத பஸ்ஸுல வருவா. கொடைக்கானல் பஜாருல அன்னக்கொடி அக்கா பியூட்டி பார்லர்ல எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எண்பத்தி நாலுல நடந்தது இது. அப்ப நான் அங்க சேந்து ஆறு வருசம். அவ சேந்து ரெண்டே வருசம். ஆனா வர்றவுங்க எல்லாம், "கித்தேரி இருக்காளா?"ன்னுதான் கதவைத் தொறப்பாங்க. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அவ படிச்சு ஒண்ணும் வரல. மிஷன் பங்களாவுல வெள்ளைக்காரம்மா ஒருத்திக்குத் தலை அலசிவிட்டே கத்துக்கிட்டா. புருசன் கிடையாது, பிள்ளை குட்டி கிடையாது, ஞாயித்துக்கெழமை கோயில் பாட்டுக் குழு, மத்த நாள் இந்த நாற்காலி. அவ்வளவுதான் அவ சோலி.

அந்த வருசம் அக்கா, கோயமுத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போறதா முடிவு பண்ணுனாங்க. கடைய எங்க ரெண்டு பேருல ஒருத்திகிட்ட விடணும். "கிறிஸ்மஸ் கழிச்சு சொல்றேன்"னாங்க. எனக்குத்தான் வரும்னு வீட்டுல பால் பாயசமே வச்சிட்டேன்.

அப்பத்தான் அருள்மணி டீச்சர் வந்தாங்க. கன்னியர் ஸ்கூல்ல வேலை, பெர்மனெண்டு ஆகப்போற நேரம். உம்முனு முகத்தைத் தூக்கிவச்சிட்டு, "லீலா, எனக்கு முடி பழுப்பா ஆகணும், அந்த ஓட்டல் ரிசப்சன் பொண்ணு மாதிரி"ன்னாங்க. அந்தப் பொண்ணைப் பாத்து வீட்டுக்காரர் அலெக்சாண்டர் அசந்துபோய்ட்டாராம். பொறாமைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நான் கலர் அட்டையப் பிரிச்சு வச்சு, இருக்கறதுலயே பளிச்சுன்னு தெரியிற இளம்பழுப்பைக் காட்டுனேன். டீச்சரும் தலையாட்டிட்டாங்க.

பக்கத்து நாற்காலியிலேர்ந்து, "டீச்சர், மொதல்ல எண்ணெயப் போக்குவோங்க"ன்னா இவ. "தேங்காயெண்ணெயோட பாத்தா எல்லா முடியும் கருப்பாத்தான் கெடக்கும்."

கேட்டியா? என் கஸ்டமர்! வெந்நீர்ல ஷாம்பு போட்டு அலசி, துவட்டி, காய வச்சு, ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போனா. வெளிய ஒரே மூடுபனி. அது விலகற வரைக்கும் டீச்சர உக்கார வச்சா. டியூப் லைட்டுல நிறம் பொய் சொல்லுமாம். வெயில் எட்டிப் பாத்ததும் வேர்க்கிட்ட ஒரு கத்தை பிரிச்சு அட்டையில வச்சுப் பாத்து, "உங்களுது கருப்பு இல்லீங்க, கரும்பழுப்பு. இந்த அட்டையில அதுக்கு அடுத்த வெளுப்பு, ஒரு படி மட்டும் ஏத்துவோம். மிஞ்சிப் போனா ரெண்டு"ன்னா.

"ஒரு படியா? யாருக்குத் தெரியும்?"னேன் நான்.

"நாலு படி ஏத்துனா ஆரஞ்சு தட்டும் லீலா. வேர் வளந்தா நடுவகிட்டுல கோடு விழும். ஸ்கூல நடத்துற மதர் என்ன சொல்லுவாங்க?"

டீச்சர் என் அட்டைய மூடிட்டு, "அப்ப ஒரு படியே போதும்"னு அவகிட்டச் சொல்லிட்டாங்க. காதுக்குப் பின்னாடி சாயத்தை ஒரு துளி தொட்டு, ரெண்டு நாள் அரிக்குதான்னு பாத்துட்டு வரச் சொல்லி அனுப்புனா. திரும்பி வந்ததும், பிடரியில மறைவா ஒரு கத்தையில போட்டுக் காட்டிட்டுத்தான் மீதித் தலைக்குக் கை வச்சா.

போட்டு முடிச்சதும் நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன். ஒண்ணுமே மாறல! வாசல்ல வெயில்ல நின்னப்பதான் முடி மெல்லப் பழுப்பாத் தெரிஞ்சது, நிழலுக்கு வந்தா பழைய டீச்சர்தான்.

மறுவாரம் டீச்சர் ஓடிவந்தாங்க. மதர், "ரெஸ்ட் எடுத்தியா, முகம் தெளிவா இருக்கே"ன்னு கேட்டாங்களாம். அலெக்சாண்டரோ என்ன மாறுச்சுன்னே தெரியாம முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாராம். சொல்லிட்டு நேரா கித்தேரி நாற்காலியில போய் உக்காந்தாங்க. ஆறு வருசம் என் நாற்காலியில உக்காந்த பொம்பளை! சீ, என் பாயசம்!

கிறிஸ்மஸ் முடிஞ்சுது. அக்கா என்னை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. நரைச்ச தலையத் தடவிக்கிட்டே, "மருமக வீட்டுக்குப் போறேன்டி. சாயம் போட்டதுன்னு எவளும் கண்டுபிடிக்கக் கூடாது. நான் கடைசியா நம்பி இந்தத் தலையக் குடுக்கணும். உள்ளதச் சொல்லு, யார் கையில குடுக்கட்டும்?"னு கேட்டாங்க.

அக்கா தலைய நெனச்சேன். மருமக முன்னாடி அந்தத் தலை ஆரஞ்சா நிக்கறதையும் நெனச்சேன்.

"கித்தேரி கையில குடுங்கக்கா"ன்னேன். வாய் என்னுதுதான், வேற யாரும் பேசல.

"அப்ப கடைச் சாவியும் அவகிட்டத்தான்"னாங்க அக்கா. நான் வெளிய வந்து அவளப் பாக்காமயே என் சீப்பைக் கழுவ ஆரம்பிச்சேன்.