செல்லையாவுக்காக இராஜம் பேசியது

செல்லையா வீட்டில் ஒரே வாய்தான் உண்டு, அது இராஜத்தின் வாய். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இதை அறியாதவர் இல்லை. தோட்ட ஆபீசில் பேர் பதிவதென்றாலும், டிஸ்பென்சரியில் மருந்து கேட்பதென்றாலும், மகன் தினேஷ் படித்த காலத்தில் வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினாலும், முன்னால் போய் நிற்பவள் அவள். செல்லையா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யார் என்ன கேட்டாலும் "சரிங்க" என்பார்.

"எங்க வீட்டு மனுசன் வாயத் தொறந்தா பல்லு உதுந்துரும்னு பயப்படுறாரு" என்று இராஜம் சொல்லும்போது லயமே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இருவரும் கேகாலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அடுத்தடுத்த மலையில் வேலை. இராஜம் மரத்தோடு கூடப் பேசிக்கொண்டே வெட்டுவாள். செல்லையாவின் மலையில் கத்தி பட்டையைச் சீவும் சத்தம் மட்டும் கேட்கும்.

உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் டாக்டரிடம் அவளே பேசினாள். கரண்ட் என்று சொல்லும் கதிர் சிகிச்சை வைத்தார்கள், ஊசி போட்டார்கள். பிறகு ஒருநாள் டாக்டர், இனி நோயைக் குணமாக்க வழியில்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்ள நிறைய வழியிருக்கிறது என்று செல்லையாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "சரிங்க" என்றார் செல்லையா.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் றிஸ்மியா லயத்துக்கு வரத் தொடங்கினாள். அவள் முதல்முறை வந்த அன்று மழை. பால் வெட்டு இல்லாததால் லயம் முழுக்க ஆள். கேகாலையில் இரும்புக் கடையில் வேலை செய்யும் தினேஷும் லீவு போட்டு வந்திருந்தான். நர்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஐயா, இனி வரப்போற நாளுக்கு உங்களுக்கு என்ன வேணும், என்ன வேணாம்னு இப்பவே பேசி எழுதி வச்சா, பின்னால உங்களுக்குப் பேச ஏலாமப் போனாலும் நாங்க அதப் பாத்து நடப்போம். இது சட்டப் பத்திரம் இல்ல. உங்க மனசு மாறினா எப்பவும் மாத்தலாம். பேசுவமா?"

"சரிங்க."

"இன்னும் ஏலாமப் போனா ஆஸ்பத்திரிக்கு வாறீங்களா?"

"சரிங்க."

தினேஷ் உடனே, "அதத்தான் நானும் சொல்றேன் மிஸ். மூக்குல குழாய் வச்சாவது சாப்பாடு குடுக்கணும்" என்றான்.

நர்ஸ் எழுதப் போனாள். இராஜத்துக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. வீட்டில் வைத்திருந்து ஏதாவது ஆனால் தன்னால் பார்க்க முடியாது என்ற பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் போதும், காரியம் அவள் நினைத்தபடியே முடியும். ஆனால் பேசாமல் இருக்கத்தான் அவளுக்குத் தெரியாதே.

"மிஸ், அத எழுதிறாதீங்க. வீட்டுலயே இருக்கீங்களான்னு கேட்டுப் பாருங்க. அதுக்கும் சரிம்பாரு. தொரை கேட்டாலும் கங்காணி கேட்டாலும் அப்பிடிச் சொல்லியே பழகின மனுசன்."

நர்ஸ் கேட்டாள். "சரிங்க" என்றார் செல்லையா.

றிஸ்மியா சிரித்துவிட்டாள். பேனையை மூடி மடியில் வைத்தாள். "நான் கேட்ட விதம்தான் பிழை. ஐயா, சரின்னு சொல்ல முடியாத மாதிரி ஒண்ணு கேக்குறேன். இந்தக் கிழமை ஏழு நாளுல உங்களுக்குக் கொஞ்சம் நல்லா இருந்த நேரம் எது?"

இராஜம் வாயைத் திறந்தாள். நர்ஸ் அவள் முழங்கையை மெல்லத் தொட்டாள். இராஜம் வாயை மூடிக்கொண்டாள்.

கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. செல்லையா பேசினார்.

"காலையில எல்லாரும் மலைக்குப் போவாங்கல்ல. படுத்தபடியே கேப்பேன். நடைய வச்சே யாருன்னு தெரியும். அந்த நேரம் நோவு தெரியாது. ஆஸ்பத்திரியில எல்லாரும் நல்லாத்தான் பாத்தாங்க. ஆனா அங்க யாரும் மலைக்குப் போறதில்லையே." மூச்சு வாங்கினார். "குழாய் வேணாம். ஒருக்கா வச்சாங்க, போதும். தொண்டையில எறங்குற வரைக்கும் எறங்கட்டும். அப்புறம் டீத்தண்ணியில வாய நனைச்சா போதும். சாவுக்குப் பயமில்ல. மூச்சு முட்டுமோன்னுதான் பயம்."

வலியைப் பற்றிக் கேட்டபோது, "காலையில கால் சிரட்டை, பொழுது சாயயில சிரட்டை வழியும்" என்றார். ரப்பர் பால் வடியும் சிரட்டையால் அவர் வலியை அளந்தது றிஸ்மியாவுக்குப் போதுமாக இருந்தது. குடிக்கக் கொடுத்த மார்ஃபின் பாணி மருந்தை வீட்டில் அவர் முனகினால் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அது சாகும் நேரத்தில் கொடுக்கும் கடைசி மருந்து என்று இராஜம் எண்ணியிருந்தாள்.

இராஜம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் ஒரே பாயில் படுத்த மனுசனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா? தரிசு என்று நினைத்த இடத்தில் ஊற்று பொங்குவதைப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

தினேஷுக்குப் பொறுக்கவில்லை. "அப்பாவப் பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றீங்களா?"

"இல்ல தம்பி. அவர் கேட்டா கேட்டதக் குடுங்க. ஆனா உடம்பு அடங்குற நேரத்துல சாப்பாட்ட அதால ஏத்துக்க ஏலாது. பசிய விட வாய் காயுறதுதான் கஷ்டம் குடுக்கும். வாய ஈரமா வச்சிருக்கிறதும் பராமரிப்புதான்."

பிறகு றிஸ்மியா எழுதினாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக அவர் சொன்னவை அவள் கையில் வரிசைக்கு வந்தன. எழுதி முடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அவருக்கு முக்கியம், தன் லயத்தில் தன் ஆட்களின் சத்தத்தில் இருப்பது. வலி மருந்து நோவு வரும்வரை காத்திராமல் நேரத்துக்கு நேரம். மலம் இறுகாமலிருக்க அதோடு இன்னொரு மருந்து. மூச்சு முட்டினால் தலையை உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, டாக்டர் எழுதும் அளவில் அதே பாணியைக் கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, நர்ஸுக்கு போன் பண்ணுவது. அப்படியும் அடங்காவிட்டால் மட்டும் ஆஸ்பத்திரி. குழாய் வேண்டாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம் என்பதை டாக்டரே அவரிடம் பேசிக் கையெழுத்திடுவார். ஒரு பிரதி வீட்டில், ஒன்று டிஸ்பென்சரியில், ஒன்று ஆஸ்பத்திரியில்.

ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார். ஓரிடத்தில் கையைத் தூக்கி, "ரேடியோ வேணாம்னும் போடுங்க. எல்லாரும் அழுகப் பாட்டாவே போடுவானுங்க" என்றார். தினேஷ்கூடச் சிரித்துவிட்டான்.

"உங்களுக்குப் பேச ஏலாதப்ப யார் பேசணும் ஐயா?"

"தினேஷுதான் மிஸ், ஒரே மகன்" என்றாள் இராஜம்.

செல்லையா அவளை நோக்கி விரலை நீட்டினார். "அவதான் பேசுவா."

றிஸ்மியா இராஜத்தின் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்றதில்ல இது. ஐயா என்ன சொல்லியிருப்பாரோ, அதச் சொல்றது. ஏலுமா?"

இராஜம் வாழ்நாள் முழுக்க அவருக்காகப் பேசியதாக நினைத்திருந்தாள். பேசியதெல்லாம் தன் பேச்சுத்தான். அவர் பேச்சைப் பேசும்படி இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். "ஏலும்" என்றாள். செல்லையாவைப் பார்த்து மறுபடி சொன்னாள்.

சில வாரம் கழித்து ஒரு பிற்பகலில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பேச்சு முன்பே நின்றுவிட்டிருந்தது. தினேஷ் ஓடிப்போய் தோட்டத்துச் சந்தியில் ஆட்டோ ஓட்டும் பளீலின் த்ரீவீலரை லயத்து வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினான். பளீல் இறங்காமல் இன்ஜினை ஓடவிட்டிருந்தான்.

"அம்மா, காலப் புடிங்க, தூக்குவோம்!"

இராஜம் அதற்குள் அவர் தலைக்குக் கீழே தலையணைகளை அடுக்கி, ஜன்னலைத் திறந்திருந்தாள். எழுதிய அளவைக் கன்னத்துக்குள் விட்டு, போனில் றிஸ்மியாவிடமும் பேசியிருந்தாள். மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும், பக்கத்திலேயே இருங்க, நான் புறப்பட்டுட்டேன் என்று சொல்லியிருந்தாள் நர்ஸ். இராஜம் கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பாத்துக்கிட்டு இருக்கீங்க? உங்களுக்கு மனசு கேக்குதா?"

"எனக்கா? எனக்கு இவரத் தோள்ல போட்டுக்கிட்டு இப்பவே ஓடணும்போல இருக்குடா." அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. "என்னக் கேக்காத. அவரு வரலங்குறாரு."

தினேஷ் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். செல்லையாவின் நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது. மூச்சு ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு நிதானமாக இறங்கி வந்தது.

அவன் கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். வெளியே இன்ஜின் நின்றது. பளீல் வாசலுக்கு வந்து, எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றான்.