நீங்க தேடுறவங்க நான் இல்லீங்க

பதுளை டவுனில் டாக்டர்மாரைப் பார்க்க நம்பர் போடும் ஒரு மெடிக்கல் சென்டரில் எனக்குப் போன் எடுக்கும் வேலை. நாள் முழுக்கத் தப்பான அழைப்புகள். சேலைக் கடையா என்பார்கள், பஸ் டிப்போவா என்பார்கள். சிலர் நம்மிடமே கோபித்துக்கொண்டு டக்கென்று வைத்துவிடுவார்கள். எனக்கு அந்த ஆட்களைக் கண்டாலே ஆகாது. "மன்னிச்சுக்கங்க, அவங்களை எங்க கேட்டா கெடைக்கும்?" என்று பணிவாகக் கேட்டால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வழி சொல்வேன்.

அந்தப் பணிவு போன மழைக்காலத்தில் எனக்கே தேவைப்பட்டது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அப்பாவை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். நெஞ்சுச் சளி, மூச்சு இழுத்தது. டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவள ஒரு தடவ பாக்கணும்" என்றார்.

சின்னவள் என் தங்கச்சி. பஸ் கண்டக்டரான ஒரு சிங்களப் பையனோடு போனவள். அன்றைக்கு அப்பா லயத்து வாசலில் நின்று, "இனி நீ யாரோ, நாங்க யாரோ" என்று கத்தினார். அவளும் அப்பாவின் மகள்தானே, வீம்பில் குறைச்சல் இல்லை. அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை கிடையாது.

என்னிடம் இருந்தது அவளுடைய பழைய நம்பர். அடித்தேன். ஓர் ஆண்குரல் எடுத்தது.

"நீங்க கேக்குற ஆள் நான் இல்லீங்க. இது எனக்குப் புதுசா குடுத்த நம்பர்."

"மன்னிச்சுக்கங்க, தொந்தரவு பண்ணிட்டேன். இதுக்கு முந்தி வச்சிருந்தவங்களைக் கேட்டு வேற யாரும் பேசியிருக்காங்களா? எங்க விசாரிக்கலாம்னு தெரிஞ்சா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஹாலிஎலயில இருந்து ஒரு துணிக்கடைக்காரர் எடுத்தாருங்க. தைக்கக் குடுத்த துணியப் பத்திக் கேட்டாரு. இருங்க, அவர்கிட்ட உங்க நம்பரக் குடுக்குறேன்."

நான் எரிந்து விழுந்திருந்தால் இந்தத் துணிக்கடை வந்திருக்குமா? சாயங்காலமே கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். முஸ்லிம் மனிதர், எங்கள் பக்கத்தில் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவோம்; நிதானமான பேச்சு. தைத்த துணியைக் கொண்டுவந்தபோது அவள் புது நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

"நானா, அவங்க நம்பர நீங்க தர வேணாம்" என்றேன். "என் நம்பர அவங்ககிட்ட குடுங்க. இஷ்டம்னா பேசட்டும்."

"அதுதான் முறை, தங்கச்சி. நான் எத்தி வைக்கிறேன்" என்றார்.

இரண்டு நாள் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் ஒரு தவறிய அழைப்பு. ஒரே மணி, உடனே நின்றுவிட்டது. திருப்பி எடுத்தேன்.

"ஹலோ?"

அவள்தான். எத்தனை வருஷமானால் என்ன, ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவளின் குரல் எனக்குத் தெரியாதா? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"நீங்க தேடுறவங்க நான் இல்லீங்க" என்றாள்.

அடிப்பாவி என்று அலறத் தோன்றியது. அலறினால் வைத்துவிடுவாள், அப்புறம் கிடைக்கவே மாட்டாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கவுண்டரில் பேசுகிற மாதிரியே பேசினேன்.

"மன்னிச்சுக்கங்க. அவங்களை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு சேதி மட்டும் சொல்லிருவீங்களா? அவங்க அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. ஆம்பளைங்க வார்டு, ஜன்னலோரக் கட்டில். அவங்களப் பாக்கணுங்கிறாரு. மத்தியானம் உள்ள விடுவாங்க."

மெதுவாக, "அவரு கஞ்சி குடிக்கிறாராங்க?" என்றாள்.

"ஊட்டினாக் குடிக்கிறாருங்க."

"தெரிஞ்சவங்ககிட்ட சொல்லிப் பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள். அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். அதற்காகத்தான் அந்த இரண்டு நாளும் ஏங்கிக் கிடந்தேன்.

மறுநாள் கவுண்டரில் என்னை மாற்றிவிட ஆள் வரத் தாமதமாகிவிட்டது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்து சனம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சொன்னாள்: "ஒரு பொம்பள வந்துச்சுங்க. யாருன்னு கேட்டேன். கட்டில் மாறி வந்துட்டேன்னு சொல்லிச்சு. ஆனா கஞ்சிய முழுக்க ஊட்டி, வாயத் தொடச்சி விட்டுட்டுத்தான் போச்சு."

அப்பா சிரித்தார். "சின்னவ வந்தா" என்றார்.

நான் வாசலுக்கு ஓடினேன். ஹாலிஎல பஸ் அப்போதுதான் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அவள் கிடைத்துவிட்டாள். எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.