பதினொரு பேரும் எடை போட்ட காப்பி

நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவள் வெள்ளையம்மாள். ஏற்காடு கடைவீதி மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலேஜில் ஓட்டிப் பழகிய அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்த மிஷின் பழக்கமில்லை. முழங்கை வரை மசி. வந்து விழுந்த ஒவ்வொரு தாளிலும் இருந்தது அவளுடைய விண்ணப்பம்தான். அதனால் கை வலிக்கவில்லை.

கரடியூரில் முதன்முதலாக பி.காம். முடித்த பெண் அவள். ஊர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "அப்புறம் என்ன கண்ணு பண்ணப்போற?" என்று கேட்பார்கள். சேலத்திலிருந்து பெரியசாமி சார் வந்து, புதுப் பட்டதாரிகளுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறார் என்றதும் முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

முதல் நாள், அவரவர் எழுதி வந்ததைச் சார் வாங்கிப் பார்த்தார். வெள்ளையம்மாளுடையதைக் கரும்பலகையில் 'முன்' என்று தலைப்புப் போட்டு எழுதினார்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் அப்பா இல்லாத ஏழைப் பெண். தாங்கள் பெரிய மனது வைத்து ஏதாவது ஒரு வேலை தந்தால் எங்கள் குடும்பமே தங்களை மறக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "பாவம் பார்த்து எவனும் சம்பளம் தரமாட்டான். எந்த வேலை, எந்தப் பேப்பர்ல பார்த்தே, நீ என்ன செஞ்சிருக்கே, இதைச் சொல்லு. ஒரு பக்கம் போதும். கடுதாசி தனி, உன் விவரத்தாள் தனி." பிறகு அவளையே குடைந்து குடைந்து கேட்டு, பக்கத்தில் 'பின்' என்று எழுதினார்.

"ஞாயிறு நாளிதழில் தாங்கள் விளம்பரம் செய்த கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பி.காம். தேறியுள்ளேன். நாகலூர் எஸ்டேட் ஒன்றில் நான்கு சீசன், விடுமுறை நாட்களில் காப்பிப் பழம் எடை குறித்து, ஆள்வாரியாகக் கூலிக் கணக்கைச் சரிபார்த்திருக்கிறேன்."

பலகையில் இருந்ததை வெள்ளையம்மாள் இரண்டு முறை படித்தாள். வெயிலிலும் பனியிலும் தராசோடு நின்றதற்கு இப்படி ஒரு மரியாதை இருக்கிறதா! சார் அதை இங்கிலீஷில் ஸ்டென்சில் வெட்டி, பெயரை மட்டும் எடுத்துவிட்டு, அவளையே ஓட்டச் சொன்னார். எல்லாருக்கும் தாளைக் கொடுக்கும்போது, "இதே மாதிரி எழுதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விண்ணப்பம் அனுப்பி மூன்று வாரம் கழித்து, பதில் வராததைப் பொறுக்கமாட்டாமல் சேலம் இறங்கி, விளம்பரம் கொடுத்திருந்த காப்பிக் கம்பெனிக்கே போனாள். மேனேஜர் ஒரு கட்டைத் தூக்கி மேசையில் போட்டார்.

"ஏம்மா, உங்க மலையில ஒரே தராசா? பதினொரு பேரும் நாகலூர்ல நாலு சீசன் எடை போட்டிருக்கீங்க!"

"நெசமா போட்டது நாந்தானுங்க."

"அதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

"எஸ்டேட்டுல கடுதாசி வாங்கியாரட்டுங்களா?"

"எல்லாரும் வாங்கிட்டு வருவாங்க. இதை எழுதிக் குடுத்த ஆளு யாரோ, அவரு வந்து சொல்லட்டும், பார்க்கலாம். திங்கக்கிழமை ஆளெடுத்துருவோம்."

மலையேறும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பரீட்சைக்குக் கைடு மனப்பாடம் பண்ணிய கூட்டம்தானே! மாதிரி என்றால் வரி மாறாமல் எழுதுவது என்றுதானே காலேஜ் முழுக்கப் படித்தோம்?

இன்ஸ்டிட்யூட்டில் அடுத்த குழுவுக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தார் சார். அவளோடு பயிற்சிக்கு வந்த ஷஹீதாவும் இருந்தாள். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள். வெள்ளையம்மாள் நடந்ததைச் சொன்னாள்.

"நானும் எடை போட்டேன்னுதான்டி எழுதினேன்," என்றாள் ஷஹீதா, முகம் செத்துப்போய். "காப்பிப் பழத்தை மரத்துல பார்த்ததோட சரி. எங்க அத்தா கடைக் கணக்கு மொத்தமும் நாந்தான் எழுதறேன். அதைப் போடலாம்னு தோணவேயில்லைடி. சார் தாள்ல அது இல்லையே."

"ஏன் சார், அவங்கவங்க செஞ்சதை எழுதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்று சாரிடம் திரும்பினாள் வெள்ளையம்மாள்.

"மாதிரின்னா மாதிரிதானேம்மா. புள்ளைங்க அப்படியே ஈயடிச்சா நான் என்ன பண்றது?"

"அது வெறும் மாதிரித்தாள் இல்லீங்க, அது நான். என் நாலு வருஷம். பேரை அழிச்சுட்டு எல்லாருக்கும் பங்கு போட்டுட்டீங்க. நானும் மூளையில்லாம மிஷினைச் சுத்துனேன்."

பெரியசாமி சார் பேனாவை மூடினார்.

"சண்டைக்கு வரலீங்க. ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. இது வெள்ளையம்மாளோடது, மத்தவங்களுக்கு நாந்தான் தாளைக் குடுத்தேன்னு. ரெண்டே வரி. திங்கக்கிழமைக்குள்ள நான் குடுத்துட்டு வந்துருவேன்."

எழுதினால் கம்பெனிகளில் அவர் பயிற்சியின் பெயர் என்னாகும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர்முன் வைத்தாள். தன் பேனாவையும் திறந்து வைத்தாள்.

"எழுதுவீங்களா, மாட்டீங்களா சார்?"

அவர் தாளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி பஸ் என்று யாரிடமோ சொல்வதுபோல முனகிக்கொண்டு, குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியபடி, தாள் வெள்ளையாகவே கிடக்க, படியிறங்கிப் போனார்.