குழாய் மாமா காத்திருக்காத நாள்

எக்ஸ்ரே அறைக்கு வரும் பிள்ளைகள் அங்கே படமெடுப்பவருக்கு வைத்த பெயர் குழாய் மாமா. மெல்லிய டியூப் வழியாகச் சிறுநீர்ப்பையில் சாயமருந்தை நிரப்பிய பிறகு, பிள்ளை ஒன்றுக்குப் போகும்போது எடுக்கும் படம்தான் முக்கியம்; சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஏறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வெட்கப்படும் பிள்ளைகள் சத்தம் கேட்டாவது போகட்டும் என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்.

இன்று மறுபடி வந்திருக்கும் சிறுமி, போன வருடம் அவர் எவ்வளவு கெஞ்சியும் போகவில்லை. வெளியே கூட்டம் முணுமுணுத்தது. சிறுநீர்ப்பை நிரம்பியபோது எடுத்த படங்களோடு மட்டும் அனுப்பிவிட்டார். அவள் போகாததைச் சீட்டில் எழுதவுமில்லை. சிறுநீர் பின்னோக்கி ஏறவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதன்பின் மூன்று முறை தொற்று, மூன்று முறை காய்ச்சல்.

இன்று குழாய் வெகுநேரம் ஓடியது.

"மாமா, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. இல்லேன்னா வராது."

"திரும்பிட்டேன் மகாராணி. டிவிய மட்டும் பாத்துக்கறேன்."

கடைசியில் போனாள். திரையில் வெள்ளைக் கோடு ஒன்று இடது சிறுநீரகம்வரை ஏறியது.

டாக்டர் தாயிடம் சொன்னார்: "சிறுநீர் பின்னோக்கி ஏறுதும்மா. சிறுநீரகத்துக்குக் கீழயே நின்னா ஒண்ணாவது நிலை. உள்ள போயும் சிறுநீர்க் குழாய் விரியாம இருந்தா ரெண்டு. இங்க லேசா விரிஞ்சிருக்கு, அதனால மூணு. ரொம்ப விரிஞ்சு வளைஞ்சு போனா அஞ்சு."

"போன வருஷம் இல்லைன்னு சொன்னீங்களே?"

குழாய் மாமா டாக்டரை முந்திக்கொண்டார். "அன்னைக்குப் பாப்பா போகவே இல்லம்மா. நான் காத்திருக்கல, எழுதவும் இல்ல."

தாய் திட்டியிருந்தால் தேவலாம். சிறுமிதான் பேசினாள்.

"ஸாரி மாமா, நான்தான் போகல."

"நீ இல்லடா கண்ணு," என்றார் அவர், இன்னும் அவள் பக்கம் திரும்பாமலே.