மூன்றாவது இறக்கை

புணேயின் ஔந்த் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், திங்கட்கிழமைதோறும் ஒரு காகிதம் ஒட்டுவேன். வீட்டு வேலைக்கு வரும் மௌஷிக்கு அந்த வாரத்து வேலைகள். புணேயில் வேலைக்கு வருகிறவர்களைச் சித்தி என்ற முறையில் மௌஷி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் என் கணவரும் எட்டு மணிக்கே கம்பெனி பஸ் பிடித்துவிடுவோம். மௌஷி பத்து மணிக்கு வந்து, எதிர் ஃபிளாட் அம்மாவிடம் சாவி வாங்கித் திறப்பார். மாதத்தில் இரண்டு முறை முகம் பார்த்தால் அதிகம். எங்களுக்குள் இருந்த உறவே அந்தக் காகிதம்தான்.

எனக்கு மராத்தி வராது. சின்ன வயதில் ஹிந்திப் பரீட்சைகள் எழுதியிருந்ததால் ஹிந்தியில் எழுதுவேன். மராத்திக்கும் அதே எழுத்து என்பதால், நாலாவது படித்த மௌஷி எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். முதல் வாரம் நான் எழுதியதைப் பார்த்த ஆபீஸ் தோழி, போலீஸ் ஸ்டேஷன் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். ‘கரோ’, செய் என்று எழுதாதே, ‘கர் தீஜியேகா’, செய்துவிடுங்கள் என்று எழுது. மேலே நமஸ்தே, கீழே தன்யவாத் என்று சொல்லிக்கொடுத்தாள். பிடித்துக்கொண்டேன். திங்கள் சமையல் மேடை, புதன் பாத்ரூம், வெள்ளி ஜன்னல் கம்பி. எல்லாமே ‘நேரம் கிடைத்தால் செய்துவிடுங்கள்’தான்.

“பிரதம மந்திரிக்கா லெட்டர் எழுதற?” என்பார் என் கணவர். அதட்டி வேலை வாங்கும் வீட்டில் பிறந்தவள் நான். அப்படி இருக்கமாட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

முடிந்த வேலைக்கு நேராக மௌஷி தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார். பசை போன பழைய பொட்டுகள். சிலது சாயங்காலத்துக்குள் தரையில் விழுந்து கிடக்கும். ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அதைத்தான் எண்ணுவேன்.

தீபாவளி கழிந்த ஒரு வாரம், ‘ஃபேன்களைத் துடைத்துவிடுங்கள்’ என்ற வரிக்குப் பொட்டு இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று தேடினேன். இல்லை. அடுத்த வாரமும் எழுதினேன். அப்போதும் இல்லை. எரிச்சல் சுள்ளென்று வந்தது. ஸ்டூல் போட்டு ஏறினால் அரை மணி வேலை, அதற்கு இவ்வளவு அழிச்சாட்டியமா? ஆனால் கோபத்தைக் காட்டினால் என் பெருமை என்னாவது? மூன்றாவது வாரம் தேனைக் குழைத்து எழுதினேன். “மௌஷி, ஆப்கோ தக்லீஃப் ந ஹோ தோ, பங்க்கே போஞ்ச் தீஜியேகா. படீ மெஹர்பானீ ஹோகீ.” உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் ஃபேன்களைத் துடைத்துவிடுங்கள், பெரிய உபகாரமாக இருக்கும். ஏன் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, பாவி எனக்கு.

வியாழக்கிழமை. புணேயில் கரண்ட் போகும் நாள். ஸ்விட்சை மட்டும் நம்பாமல், கரண்ட் போய் ஃபேன் நிற்கும் நேரம் பார்த்து மௌஷி ஸ்டூலில் ஏறியிருக்கிறார். விழுந்த சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட் அம்மா ஓடிவந்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்த பிறகு மௌஷியின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். விழுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தலை சுற்றுமாம், குனிந்து நிமிர்ந்தாலே கண் இருட்டுமாம். ஏன் மௌஷி சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது.

“இத்னா இஜ்ஜத் ஸே லிகா தும்னே. நா கைஸே போல்தீ?”

இவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாய், மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன். குற்றம் சொல்லும் குரல் இல்லை. விளக்கிச் சொல்கிற குரல். இரண்டு வாரம் பொட்டு வைக்காமல் விட்டதைப் பார்த்தாவது புரிந்துகொள்வேன் என்று நினைத்தாராம். அதட்டியிருந்தால் திருப்பி ஒரு வார்த்தை பேசியிருப்பாராம். பிறகு, ஃபேனில் ஒரு இறக்கை துடைக்காமல் பாக்கி நின்றுபோனது, மன்னித்துக்கொள் என்றார்.

மௌஷி திரும்பி வேலைக்கு வரவில்லை. சோலாப்பூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்.

அந்த மூன்றாவது இறக்கையைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. ஃபேன் சுற்றும்போது ஒன்றும் தெரியாது. லீவில் வீட்டில் இருக்கும் வியாழக்கிழமைகளில் கரண்ட் போனதும் வேகம் குறைந்து, இரண்டு வெள்ளை இறக்கைகளுக்கு நடுவே அந்த அழுக்கு இறக்கை மெல்லப் பிரிந்து வந்து, என் தலைக்கு மேல் நிற்கும். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

அதற்குப் பிறகு வந்த மௌஷிகளுக்கும் காகிதம் எழுதினேன். நமஸ்தேக்கு அடுத்த முதல் வரியே, முடியாத வேலைக்குப் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்பதுதான். அதையும் மரியாதையாகத்தான் எழுதினேன். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ஒரு பெருக்கல் குறி போட்டதில்லை.