நான்காவது நினைவூட்டல்

சூர்யகலாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. பேச்சு குறைந்துவிடும், அவ்வளவுதான். அந்தக் கார்த்திகை மாதம் அவள் வீட்டில் ஒரு வாரமாக யாரோடும் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. கட்டின புருஷன் கோபியே, "இன்னா, எவன் மாட்டிக்கினான்?" என்று கேட்டான். மாட்டிக்கொள்ளப் போகிறவன் திண்டிவனத்தில் மனை விற்கும் சக்கரபாணி. அவருக்கு அது இன்னும் தெரியாது.

வளவனூரில் பிறந்தவள் அவள். அப்பா பத்திர எழுத்தரிடம் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவர். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று காதில் விழுந்த வார்த்தைகளிலேயே வளர்ந்தாள். விழுப்புரத்தில் பி.காம் முடித்தாள், கிளியனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கோபிக்குப் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பொழுது போகாமல் ஒரு இலவச வலைப்பூ தொடங்கி, நிலம் வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும், எங்கே ஏமாறுவான் என்று எழுதினாள். ஊரில் ஏமாந்தவன் கணக்கு பெரிசு, ஆகவே படிக்கிறவர்களும் கூடினார்கள். பிறகு காசு கொடுத்து எழுதச் சொல்லி ஆட்கள் வந்தார்கள்.

அதற்கு ஒரு லேப்டாப் வேண்டியிருந்தது. மாமியார் தேவகி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற பணத்திலிருந்து இருபத்திரண்டாயிரம் எடுத்துக் கொடுத்தாள். சும்மா இல்லை, ஒரு பேச்சோடு கொடுத்தாள். "அடுத்த மார்கழி விதைப்புக்கு என் பணம் என் கைக்கு வரணும். வரலேன்னா அந்த ஒரு ஏக்கராவ குத்தகைக்கு உட்டுட்டு நான் கூலிக்குப் போறேன். உன்ன ஒன்னியும் கேக்க மாட்டேன்."

கேட்க மாட்டேன் என்று மாமியார் சொன்னால் அது கேட்பதைவிடக் கொடுமை. சூர்யகலா நாலாயிரம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மிச்சம் பதினெட்டாயிரம். சக்கரபாணி தர வேண்டியதும் அதே பதினெட்டாயிரம்தான்.

2016 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரத்துக்கு இரண்டாக இருபத்துநாலு பதிவுகள், ஒன்றுக்கு எழுநூற்றைம்பது. சக்கரபாணியின் 'அரும்பு நகர்' இணையதளத்துக்காக எழுதினாள். செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்யக்கூடாது என்று கோர்ட் தடை போட்டதும், அங்கீகாரம் வாங்கிய மனைக்காரரான அவருக்கு யோகம் அடித்தது. அவள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் அட்வான்ஸ் கட்டினார்கள். அதை அவரே வாய் நிறையச் சொன்னார். வாய்தான் நிறைந்தது.

ஆகஸ்ட் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்பினாள். எண், தேதி, பதிவுகளின் பட்டியல், தொகை, முப்பது நாளில் செலுத்த வேண்டும் என்ற வரி, வங்கிக் கணக்கு, எல்லாம் ஒழுங்காக. செப்டம்பர் முப்பது கெடு. அக்டோபர் மூன்றாம் தேதி முதல் நினைவூட்டல் மெயில்: 'தங்கள் பார்வைக்குத் தப்பியிருக்கலாம்' என்று மரியாதையாக. பதில் இல்லை. பதினேழாம் தேதி இரண்டாவது, இன்வாய்ஸை மறுபடி இணைத்து. 'கவனிக்கிறோம்' என்று ஒரு சொல் வந்தது. நவம்பர் ஏழு, மூன்றாவது. மறுநாள் இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

சக்கரபாணிக்கு அது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. போன் செய்தவளிடம், "நோட்டே இல்லம்மா, ஊரே பேஜாராகிக் கெடக்கு, நீ வேற" என்றார்.

"சார், நான் நோட்டு கேக்கலையே. பேங்க் டிரான்ஸ்பர்தான. அதுக்கு நோட்டு எதுக்கு சார்?"

 அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "வூட்ல சும்மா குந்திக்கினு இருக்கற பொண்ணு, உனக்கு இன்னாம்மா அவ்ளோ அவசரம்? புருஷன் சம்பாதிக்கிறாரு இல்ல? தர்றேன், தர்றேன்."

அப்போதுதான் சூர்யகலாவின் பேச்சு நின்றது. பணம் இல்லை என்றிருந்தால் பொறுத்திருப்பாள். சும்மா என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தாள் படுக்கும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வரும்படி செய்யாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். குட்டக் குட்டக் குனிகிறவளும் மடச்சிதான்.

நான்காவது மெயிலை எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. அவருடைய வம்சம், முழங்கால், வெள்ளைச் சட்டை, எதையும் விடவில்லை. படித்துப் பார்த்தாள். சுகமாக இருந்தது. ஆனால் இதைப் படிக்கிறவன் அவள்மேல்தான் தப்புச் சொல்வான். பத்திர ஆபீஸ் பிள்ளை அவள். கோபத்தில் எழுதிய கடிதம் எதிராளிக்குச் சாட்சி என்று அப்பா சொல்லக் கேட்டவள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு உண்மையை மட்டும் வைத்தாள்.

'மதிப்பிற்குரிய சக்கரபாணி அவர்களுக்கு, வணக்கம். உங்கள் அரும்பு நகர் இணையதளத்தில் இப்போதும் இருக்கும் இருபத்துநாலு பதிவுகளை எழுதியவள் நான். ஆகஸ்ட் 31 தேதியிட்ட இன்வாய்ஸ் எண் 16, தொகை ரூபாய் பதினெட்டாயிரம், செப்டம்பர் 30க்குள் தர வேண்டியது. அக்டோபர் 3, 17, நவம்பர் 7 ஆகிய தேதிகளில் நினைவூட்டினேன். இன்று வரை வரவில்லை. இது நான்காவது நினைவூட்டல். தொகையை இன்றே வங்கி வழியாக அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சூர்யகலா.'

இதில் எங்கே பழிவாங்கல் என்று கேட்கலாம். அது மெயிலில் இல்லை, போகும் முகவரியில் இருந்தது.

கிளியனூரில் நெட் நத்தை வேகம். இணையதளத்தின் உள்பக்கம் அவள் வீட்டில் திறக்கவே திறக்காது. ஆகவே தளத்தை அமைத்துக் கொடுத்த சக்கரபாணியின் அக்கா மகன் பிரேம்குமார் அவளுக்கு ஒரு குறுக்குவழி செய்து தந்திருந்தான். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு ரகசிய மெயில் முகவரி. அதற்கு அனுப்பினால் மெயிலின் தலைப்பு பதிவின் தலைப்பாகும், உள்ளே இருப்பது பதிவாகும், யாரும் தொடாமலே தளத்தில் வெளியாகிவிடும். பதிவு வெளியானதும் சந்தாதாரர்களுக்கெல்லாம் அதன் நகல் மெயிலில் போய்விடும். இருபத்துநாலு பதிவையும் அப்படித்தான் ஏற்றினாள். வேலை முடிந்ததே, இனி இந்த வழியை அடைக்கலாம் என்று மாமனுக்கும் தோன்றவில்லை, மருமகனுக்கும் தோன்றவில்லை. வாழை இலையைச் சுருட்டி எறிகிற மாதிரி எழுதினவளை எறிந்தார்கள், வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருப்பதை மறந்துவிட்டார்கள்.

கீழே இருந்த தன் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் எடுத்துவிட்டாள். ஊர் பார்க்கப் போகிறது அல்லவா. தலைப்பில் 'நான்காவது நினைவூட்டல்: அரும்பு நகர் தர வேண்டிய பாக்கி' என்று எழுதி, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அனுப்பினாள்.  உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்கள். அதில் அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பத்திரத்துக்குக் காத்திருப்பவர்கள் எழுபது பேராவது இருப்பார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு முதல் பின்னூட்டம் வந்ததாக அவளுக்கு மெயில் வந்தது. மனைக்கு எல்லைக்கல் நட்ட நடராசன் எழுதியிருந்தார்: 'எனக்கும் நாற்பத்தோராயிரம் வரணும். ஏப்ரல்லேர்ந்து நடக்குறேன்.' அதை அவள் எதிர்பார்க்கவில்லை. அடுத்தது விழுப்புரத்தில் பேனர் அடித்துக் கொடுத்த சவுரிராயன், பதினோராயிரம். மூன்றாவதாக ஒரு வாடிக்கையாளர், ஆசிரியர் போலிருக்கிறது, சுத்தமான தமிழில்: 'பதிவு எழுதியவருக்கே கொடுக்காதவர் எங்களுக்குப் பத்திரம் எப்படிக் கொடுப்பார்? என் முன்பணத்தைத் திருப்பித் தரவும்.'

அதைப் படித்துவிட்டு சூர்யகலா அரிசிப் பானை முன்னால் நின்று சிரித்தாள். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. மூட்டம் போட்டது அவள், கொள்ளி எடுத்து வந்தது ஊர்.

பன்னிரண்டரைக்குச் சக்கரபாணி அழைத்தார்.

"இன்னாம்மா இது, நம்ம மானத்த வாங்கிக்கினு இருக்கே. ஜல்தியா எடு அத."

"எடுக்கற சாவி உங்க பிரேம்குமார் கிட்டதான் சார் இருக்குது. எனக்குப் போடத்தான் தெரியும்."

"அவன் எடுத்துட்டான். ஆனா மெயிலு போயிடுச்சாமே எல்லாருக்கும். அத இன்னா பண்றது?"

"போன மெயில யாராலயும் திருப்ப முடியாது சார்."

"கேஸு போடுவேன் உம்மேல."

"போடுங்க சார். அதுல ஒரு வரி பொய் இருந்தா காட்டுங்க, நானே கோர்ட்டுக்கு வர்றேன்." பிறகு, வாரக்கணக்கில் அடைத்து வைத்திருந்ததைச் சொன்னாள். "சும்மா குந்திக்கினு இருந்தேன் இல்ல சார், அதான் ஒரு பதிவு எழுதினேன். இதுக்குக் காசு வேணாம்."

அவர் போனை வைத்துவிட்டார். அவள் அந்த நிமிஷத்தை முழுசாக அனுபவித்தாள். பாவம் என்று ஒரு துளி தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் மூன்று மாதம் காத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நாலு மணிக்குப் போனில் செய்தி வந்தது. கணக்கில் பதினெட்டாயிரம். அவள் உடனே அவருடைய சொந்த மெயிலுக்கு, 'இன்வாய்ஸ் எண் 16, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினாள். வாங்கியதற்குச் சீட்டு கொடுக்காமல் இருப்பது அவள் பழக்கமில்லை.

மறுநாள் தேவகியை அழைத்துக்கொண்டு திண்டிவனம் விதைக்கடைக்குப் போனாள். ஏ.டி.எம் வாசல்களில் எல்லாம் வரிசை தெருவுக்கு வந்திருந்தது. கடைக்குள் ஏழெட்டு விவசாயிகள் செல்லாத நோட்டோடு நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் சீனுவாசன் புதிதாக ஒரு கார்டு மெஷின் வாங்கி வைத்திருந்தார். அதில் தேய்க்க அங்கே யாரிடமும் கார்டு இல்லை. சூர்யகலா தன் கார்டை நீட்டினாள்.

தேவகி மருமகள் முகத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்த கதை முழுவதும் முந்தின இரவே கோபி அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

அப்போது போன் அடித்தது. சக்கரபாணி. குரலில் தேன். "சூர்யகலாம்மா, ஒரே ஒரு பதிவு எழுதிக் குடும்மா. அரும்பு நகர்ல எல்லாருக்கும் செட்டில் பண்ணியாச்சுன்னு. நேத்துலேர்ந்து ஆறு பேரு அட்வான்ஸ திருப்பிக் கேக்கறாங்க. மூவாயிரம் தர்றேன், முன்னாடியே தர்றேன்."

சூர்யகலா வாய் திறப்பதற்குள் தேவகி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் அவ மாமியாரு பேசறேங்க. கல்லு நட்ட நடராசனுக்குக் குடுத்தாச்சுங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ முனகியது.

"பேனர்காரருக்கு?"

அதற்கும் முனகல்தான்.

"அப்ப எம் மருமவ இன்னாத்தைங்க எழுதுவா? அவ பொய் எழுதறதில்ல. மொதல்ல அவங்களுக்குக் குடுங்க. வாங்கிட்டேன்னு அவங்க வாயால சொல்லட்டும். அப்பறம் பேசுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விதை மல்லாட்டையை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். "சீனுவாசா, எங்க ஏக்கராவுக்கு நிறுத்துப் போடு. காசு எம் மருமவ சம்பாதிச்சது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.